எந்த வழியாக வந்தார்கள்?

நவராத்திரிக்கு முன்பு ஏறக்குறைய ஐந்து வாரங்கள், சரஸ்வதிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறை கொலு பொம்மைக் கடையாக மாறிவிடும். மதுரைக்கு அருகே உள்ள விளாச்சேரியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் பொம்மைகள் வந்து இறங்கும். விற்பனை என் மனைவியின் பொறுப்பு. பொம்மைகளைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவது மருமகளின் பொறுப்பு. ஓய்வு பெற்ற கணக்கன் என்பதால் நோட்டு எழுதுவது என் பங்கு.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், தெரிந்த இளைஞர் ஒருவர் வந்து, எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் படங்களை விளம்பரமாக ஓட்டித் தருவதாகச் சொன்னார். மருமகளுக்கு ஆசை. மனைவிக்குத் தயக்கம். இருவருமே என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் ஒன்று தெரிய வேண்டும்: நம் வாசலுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இந்தப் படங்களைப் பார்த்து வருகிறார்கள்? அந்த ஆண்டு விளம்பரம் வேண்டாம், முதலில் எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். நம் சங்கத்து அன்பர்களில் வீட்டிலிருந்தே ஊறுகாய், சேலை, பொடி வகைகள் விற்பவர்கள் பலர் இருப்பதால், எண்ணிய முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் 1923இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இதைத்தான் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். ஒரே பொருளுக்கு இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தால், வெட்டி அனுப்பும் சீட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு அடையாளம் அச்சிட வேண்டும். திரும்பி வரும் சீட்டுகளை எண்ணினால் எந்தப் பத்திரிகை வேலை செய்தது, ஒரு பதிலுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பது தெரிந்துவிடும். அஞ்சல் வழி வியாபாரம் செய்தவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். சீட்டு வெட்டி அனுப்பும் காலம் போய்விட்டது. அடையாளம் வைக்கும் தேவை மட்டும் போகவில்லை.

கைப்பேசியே எண்ணிக்கை காட்டுகிறதே என்று கேட்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் இதயக் குறி இட்டார்கள் என்று அது காட்டுகிறது. அவர்களில் எவர் படியேறி வந்தார் என்பதை அது அறியாது. எங்களிடம் பணம் வாங்குவது கடை வாசலில். அங்கே கைப்பேசியின் கணக்கு நின்றுவிடுகிறது. ஆகவே வாசலில் ஒரு கணக்குப் புத்தகம் தேவை.

முதலில் குறியீடு. எழுத்தும் எண்ணும் கலந்து ‘ஐ-மூன்று’, ‘எஃப்-ஏழு’ என்று வைப்பது எழுதுகிறவனுக்கு வசதி. ஆனால் வாடிக்கையாளர் ஒருவரும் வாசலில் நின்றுகொண்டு ‘ஐ-மூன்று பார்த்து வந்தேன்’ என்று சொல்ல மாட்டார். வாயில் எளிதாக வரும் ஒரு சொல்தான் நிற்கும். மைசூரில் இன்னொரு கட்டாயமும் உண்டு. வருகிறவர்களில் பாதிக்கு மேல் கன்னடம் பேசுகிறவர்கள். ‘மயில்’ என்று நாம் வைத்தால் அவர்களுக்கு அது ‘நவிலு’, சொல் பிசகிவிடும். இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் சொற்களாகத் தேடினோம். நம் யானையை ஊர்ப்பக்கம் ஆனை என்போம். அவர்கள் ஆனெ என்பார்கள். மல்லிகை அவர்களுக்கு மல்லிகெ. துளசி இருவருக்கும் துளசி. நம் கிளி அவர்கள் வாயில் சற்று அழுத்தம் மாறி ஒலிக்கும், அவ்வளவுதான். நான்கு சொல் கிடைத்துவிட்டது. (இதைத் தேடிய இரண்டு மாலைப்பொழுதுகள் எங்கள் வீட்டில் சிறு மொழியியல் வகுப்பாகவே நடந்தன.)

ஜம்பூ சவாரி ஊர்வல வரிசைப் பொம்மைகளைக் காட்டும் இன்ஸ்டாகிராம் ஓடும்படத்துக்கு ‘ஆனெ’. மைசூர்வாசிகளின் முகநூல் குழு ஒன்றில், விலையும் உயரமும் எழுதிப் போட்ட பதிவுக்கு ‘மல்லிகெ’. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத் ‘துளசி’. மரப்பாச்சி ஜோடியின் நிழற்படத்துக்குக் ‘கிளி’. ஒவ்வொன்றிலும் படத்தின் மேலேயே அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி, “விலை கேட்கும்போது இந்தச் சொல்லைச் சொல்லுங்கள்” என்று கீழே சேர்த்தாள் மருமகள். படத்தின் கீழே வரும் குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. ஒருவர் படத்தை மட்டும் பிடித்துத் தங்கைக்கு அனுப்பிவிடுவார்; குறிப்பு பின்தங்கிவிடும். படத்தின் மேலே இருந்தால் சொல்லும் கூடவே பயணம் செய்யும்.

தட்டினால் நேரே எங்கள் வாட்ஸ்அப் திறக்கும் இணைப்பு ஒன்றும் வைத்தோம். அதன் வடிவம் இப்படி இருக்கும். பத்து பெருக்கல் குறிகள் இருக்கும் இடத்தில் கடையின் கைப்பேசி எண் வரும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=ANE
```

இதைத் தட்டுகிறவரின் செய்திப் பெட்டியில் ANE என்ற சொல் தானாகவே எழுதப்பட்டு நிற்கும். அவர் அனுப்பினால் போதும். முகநூல் பதிவில் இந்த இணைப்பை நேரே எழுதலாம், அங்கே MALLIGE என்று மாற்றிக்கொண்டு. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ்க் குறிப்பில் எழுதினால் அது தட்டினால் திறக்காத வெறும் எழுத்தாகவே நிற்கும். முகப்புப் பக்கத்தில் வைத்தால்தான் திறக்கும். அங்கே ஓடும்படத்துக்கும் மரப்பாச்சிக்கும் பொதுவாக ஒரே வாசல்தான் அமையும் என்பதால், அந்த இரண்டுக்கும் இணைப்பை நம்பாமல் சொல்லையே நம்பினோம்.

குறியீட்டைச் சொன்னால் தள்ளுபடி என்று வைக்கச் சொல்லிப் பலர் யோசனை கூறினார்கள். நான் ஒப்பவில்லை. பத்து சதவீதம் குறையும் என்று தெரிந்தால், பதினைந்து ஆண்டாக நம்மிடமே வாங்குகிற மாமியும் பக்கத்து வீட்டில் கேட்டறிந்து ‘ஆனெ’ என்று சொல்லிவிடுவார். அப்போது அந்தச் சொல் வந்த வழியைக் காட்டாது. தள்ளுபடி கேட்டவரைத்தான் காட்டும். சொல்வதால் லாபமும் இல்லை, சொல்லாவிட்டால் நட்டமும் இல்லை என்றிருந்தால்தான் சொல் உண்மை பேசும். அதற்கு விலையும் உண்டு: லாபம் இல்லாததால் பலர் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இரண்டாவது கருவி, பணம் வாங்கும்போது கேட்கும் கேள்வி.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. “இன்ஸ்டாகிராம் பார்த்தா வந்தீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலோர் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “எங்கள் கடை எப்படித் தெரியும்?” என்று கேட்டால், ஐந்து ஆண்டுக்கு முன் அத்தை சொன்ன கதை வரும், இந்த ஆண்டு அவரை எழுப்பி அனுப்பியது எது என்பது வராது. நாங்கள் கேட்டது இது: “இந்த வருஷம் எதைப் பார்த்து வந்தீங்க?” கன்னடத்தில் “ஈ வர்ஷ ஏன் நோடி பந்த்ரி?” விடையை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பட்டியல் காட்டக் கூடாது. அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும்.

நேரமும் முக்கியம். நுழைந்தவுடன் கேட்டால் ஏதோ விசாரணை போல இருக்கும். பொம்மையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, பணம் வந்ததாக ஒலிபெருக்கிப் பெட்டி அறிவிக்கும்வரை ஒரு அரை நிமிடம் இருவரும் சும்மா நிற்போமே, அந்த அரை நிமிடம்தான் சரியான நேரம். வாங்கிய ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும் என்பது என் நிபந்தனை. பேச்சுக்கொடுக்கத் தோதாகத் தெரிகிறவர்களை மட்டும் கேட்டால் பழைய வாடிக்கையாளரே நோட்டில் நிறைந்துவிடுவார்கள். இளைஞர் கூட்டம் எழுதப்படாமல் போய்விடும். கூட்டம் தாங்காத கடையில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது ரசீது என்று வரிசைப்படி கேட்கலாம். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் கூடாது.

நோட்டு, இருநூறு பக்கம் கொண்ட சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஒரு விசாரிப்புக்கு ஒரு வரி. தேதி, தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கம், ஊர், எந்தப் பொம்மை, சொன்ன குறியீடு, கேள்விக்குச் சொன்ன பதில், வாங்கிய தொகை. முழு எண்ணை எழுதுவதில்லை. நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கும், பிறர் எண் அதில் இருக்க வேண்டாம். நேரில் மட்டும் வந்தவருக்கு நான்கு இலக்கத்துக்குப் பதில் ‘நேர்’ என்று எழுதுவோம்.

இதில் நழுவவிடக் கூடாத ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் திங்கட்கிழமை விலை கேட்டவர் சனிக்கிழமை நேரில் வந்து வாங்கினால், புது வரி எழுதக் கூடாது. கடைசி நான்கு இலக்கத்தைக் கேட்டு, பழைய வரியைத் தேடிப் போய் அங்கேதான் தொகையை எழுத வேண்டும். புது வரி எழுதினால், திங்கட்கிழமைக்காரர் கேட்டுவிட்டு வாங்காமல் போனவராகவும், சனிக்கிழமைக்காரர் வழி தெரியாமல் வந்தவராகவும் ஆகிவிடுவார். ஒரே ஆள் இரண்டு பொய்யாகிவிடுவார். தாய் ஒரு எண்ணிலிருந்தும் மகள் பெங்களூரிலிருந்து வேறு எண்ணிலிருந்தும் ஒரே பொம்மையை விசாரிப்பதும் உண்டு. தெரியவந்தால் ஒரு வரியாக்கிவிடுவேன். கொலு வைப்பது ஒரு வீடு. எனக்குக் கணக்கும் வீட்டுக்கு ஒன்று.

2024 செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 2, மகாளய அமாவாசை வரை எழுதினோம். மொத்தம் 186 வரிகள். அவற்றில் வாங்கியவர்கள் 83. குறியீட்டுடன் வந்த வரிகள் 71.

ஆனெக்கு 34 விசாரிப்பு வந்தது, நான்கிலும் அதுவே அதிகம். மருமகள் இரண்டு இரவு கண்விழித்துச் செய்த படம் அது, பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். வாங்கியவர்கள் ஐந்து பேர். மல்லிகெக்கு வந்தது 16 விசாரிப்பு, வாங்கியவர்கள் ஒன்பது. துளசிக்கு 12, வாங்கியவர்கள் எட்டு. கிளிக்கு ஒன்பது, வாங்கியவர்கள் மூன்று.

ஆனெயில் ஏன் இந்த இடைவெளி என்பதை ‘ஊர்’ என்ற கட்டம் சொன்னது. 34 பேரில் 21 பேர் சென்னை, மும்பை, பெங்களூர், இன்னும் தொலைவிலிருந்தும் கேட்டவர்கள். மண் பொம்மையை நாங்கள் அஞ்சலில் அனுப்புவதில்லை. யானையின் தும்பிக்கை பெட்டிக்குள்ளேயே உடைந்துவிடும். அந்த 21 பேருக்கும் என் மனைவி பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். முகநூல் பதிவிலோ விலையும் உயரமும் இடமும் முன்பே எழுதியிருந்தன. வாங்கும் எண்ணமில்லாதவர் அங்கேயே விலகிக்கொண்டார்.

துளசியின் எட்டு, பார்க்க அழகான எண்ணிக்கை. ஆனால் கேள்வியின் பதிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எட்டில் ஐந்து பேர் பழைய வாடிக்கையாளர்கள். இதில் வியப்பில்லை. எண்ணைப் பரஸ்பரம் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் ஸ்டேட்டஸ் தெரியும். நம் எண்ணைச் சேமித்திருப்பவர் முன்பே நம்மிடம் வாங்கியவராகத்தானே இருப்பார். அவர்களுக்கு அது நினைவூட்டல். புதியவரை அது கொண்டுவரும் என்று எண்ணிச் செலவு செய்யக் கூடாது.

குறியீடு சொல்லாமல் வாங்கியவர்கள் 58 பேர். அவர்களைக் கேட்டதில் 24 பேர் ஆண்டுதோறும் வருகிறவர்கள். பதினொருவர் வாசல் பலகையைப் பார்த்து நுழைந்தவர்கள். பதின்மூன்று பேர் யாரோ சொல்லி வந்தவர்கள். ஏழு பேர் ‘போனில் பார்த்தோம்’ என்றார்கள், எதில் என்று தெரியவில்லை. மூவருக்கு நினைவில்லை. யாரோ சொல்லி வந்த பதின்மூவரிடம், சொன்னவர் எங்கே பார்த்தாராம் என்று இன்னொரு கேள்வி போட்டோம். ஆறு பேர், ‘அவளுக்குப் போனில் வந்ததாம்’ என்றார்கள்.

ஆக, எங்கள் படங்கள் கொண்டுவந்த விற்பனை எவ்வளவு? குறியீட்டை மட்டும் எண்ணினால் 25. போனில் பார்த்த ஏழையும், கேள்விப்பட்டு வந்த ஆறையும் சேர்த்தால் 38. இரண்டு எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதி வைத்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மறுப்பேன். உண்மை இடையில் எங்கோ இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட விற்பனை பழைய உறவும் பலகையும் வாய்ச்சொல்லும் கொண்டுவந்தது என்பது மட்டும் எந்த எண்ணை எடுத்தாலும் மாறாது.

குறியீடும் பதிலும் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. மரப்பாச்சி வாங்க வந்த ஒரு கன்னடத்து அம்மா, ‘கிளி’ என்று செய்தி அனுப்பியவர்தான். கேட்டபோது “அக்க ஹேளித்ரு”, அக்கா சொன்னார், என்றார். அவர்கள் வீட்டிலும் மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ‘பட்டத கொம்பெ’ கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டு. பேத்திக்காக அக்காவும் தங்கையும் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். இரண்டையும் எழுதினேன். குறியீடு கடைசியாகத் திறந்த கதவைக் காட்டுகிறது. பதில், அவர் மனத்தில் நிற்பதைக் காட்டுகிறது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்தால் நோட்டு நம் விருப்பத்தைத்தான் எழுதும்.

இன்னொரு சங்கதி காலம். செப்டம்பர் முதல் வாரத்தில் போட்ட மல்லிகெப் பதிவுக்கு, இரண்டாம் வார இறுதியில் விற்பனை இரண்டுதான். அப்போதே கணக்கை மூடியிருந்தால் அது பயனற்ற பதிவு என்று தீர்ப்பாகியிருக்கும். 2024இல் மகாளய பட்சம் செப்டம்பர் 18இல் தொடங்கிவிட்டது. அந்தப் பதினைந்து நாளில் புதுப்பொருள் வாங்காத குடும்பங்கள் சில எங்கள் வாடிக்கையில் உண்டு. முன்பே விசாரித்துவிட்டு, எடுத்து வையுங்கள் என்று சொல்லி, அமாவாசையன்று வந்து பணம் கொடுத்து எடுத்துப் போனார்கள். மீதி ஏழில் நான்கு அப்படி வந்தவை. பழைய வரிக்குத் திரும்பிப் போய் எழுதும் பழக்கம் இல்லாவிட்டால் இந்த நான்கும் வேறு கணக்கில் விழுந்திருக்கும்.

இனி எட்டாயிரம் ரூபாய்க் கேள்வி. ஒரு விற்பனையில் எங்களுக்கு நிற்கும் லாபம் சராசரியாக 350 ரூபாய். எட்டாயிரத்தை மீட்க, அந்த விளம்பரத்தாலேயே வரும் 23 புதிய விற்பனை வேண்டும். எங்கள் நான்கு பதிவுகளும் சேர்ந்தே குறியீட்டுக் கணக்கில் தந்தது 25. அதிலும் பழையவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று மனைவி சொன்னதற்கு இப்போது எண் துணை வந்தது. ஆனால் மருமகள் நியாயமாக ஒன்று கேட்டாள்: ஆனெ ஊரெல்லாம் சுற்றியது, பணம் கட்டினால் மைசூர்க்காரர்களுக்கு மட்டும் காட்டச் சொல்லலாமே? அது சரியான கேள்வி, 2024 நோட்டில் அதற்கு விடையும் இல்லை.

ஆகவே 2025இல், அவ்வாண்டு நவராத்திரி செப்டம்பர் 22இலேயே தொடங்கியதால் ஆகஸ்டு நடுவிலேயே கடை திறந்து, ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் மைசூருக்குள் ஒரு விளம்பரம் ஓட்டினோம். அதற்குத் தனிச் சொல், ‘தாவரெ’. நம் தாமரைதான். ஏழு விசாரிப்பு, மூன்று விற்பனை. லாபம் ஏறக்குறைய 1,050; செலவு 1,000. விட்டதும் பிடித்ததும் சமம். மூன்று என்பது மிகச் சிறிய எண். ஒரு குடும்பம் கூட வந்திருந்தால் நான்கு, வராதிருந்தால் இரண்டு. அதை வைத்து விளம்பரம் நல்லது, கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 34க்கு ஐந்து, 16க்கு ஒன்பது என்ற இடைவெளியை நம்பலாம். எட்டா ஒன்பதா என்ற இடைவெளியை நம்பக் கூடாது.

ஓடும்படத்தில் செய்த மாற்றம் அதைவிடப் பயன் தந்தது. விலையையும், ‘மைசூரில் நேரில் மட்டும்’ என்ற வரியையும் முதல் காட்சியிலேயே எழுதினாள் மருமகள். பார்த்தவர்கள் குறைந்தார்கள், அதில் அவளுக்குச் சற்று வருத்தம். விசாரிப்பு 34இலிருந்து 15 ஆயிற்று, விற்பனை ஐந்திலிருந்து ஏழு. விற்பனை கூடியதாக நான் எண்ணவில்லை. மனைவிக்குப் பதில் எழுதும் வேலை பாதிக்கு மேல் குறைந்தது என்பதைத்தான் எண்ணுகிறேன்.

ஆண்டு மாறும்போது சொற்களையும் மாற்றிவிட வேண்டும். பழைய படங்கள் கைப்பேசிகளில் சாவதில்லை. 2025 செப்டம்பரில் குவெம்புநகரிலிருந்து வந்த ஒருவர், ‘ஆனெ’ என்று சொல்லி, யாரோ அனுப்பிய முந்தைய ஆண்டுப் படத்தைக் காட்டினார். அவ்வாண்டு ஓடும்படத்தின் சொல் ‘மீனு’. சொல்லை மாற்றாதிருந்தால் அவர் புதிய படத்தின் கணக்கில் விழுந்திருப்பார். ஜம்பூ சவாரி வரிசை ஒன்று வாங்கிக்கொண்டு போனார். பெட்டியிலிருந்து 2024 நோட்டைத் தேடி எடுத்து, ஆனெயின் பக்கத்தில் கடைசியாக அவருக்கு ஒரு வரி எழுதினேன்.